ஒன்றரை அடி இடைவெளி: கல்லூரி விழாவுக்கு ஒரு நகைச்சுவைக் குறுநாடகம் எழுதும் முறை

கல்லூரி விழாவுக்கு முதன்முறையாக ஸ்கிட் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வசனத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஐந்தாறு நண்பர்கள் ஓர் அறையில் கூடுகிறார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பு வந்ததெல்லாம் தாளில் ஏறிவிடுகிறது. அந்த அறையில் எல்லோருடைய முகமும் பத்தடிக்குள் இருக்கிறது, முணுமுணுத்தாலும் காதில் விழுகிறது. விழா அரங்கிலோ பாதிப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், கடைசி வரிசைக்கு நடிகரின் புருவம் தெரியாது, ஒலிவாங்கியை விட்டு இரண்டடி நகர்ந்தால் வசனம் காணாமல் போய்விடும். அறையில் வெடித்த வசனம் மேடையில் நனைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே இந்த வழிகாட்டி வசனத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு குறுநாடகத்தைக் கருவிலிருந்து மேடைக் குறிப்புவரை கட்டிப் பார்க்கிறது.

முதலில் மேடையையும் நேரத்தையும் விசாரியுங்கள்

எழுதத் தொடங்கும் முன்பு ஏற்பாட்டாளர்களிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தரப்படும் நேரத்தில் மேசை நாற்காலி போடுவதும் எடுப்பதும் அடங்குமா, மேடையின் அகலம் எவ்வளவு, ஒலிவாங்கிகள் எத்தனை, அவை எங்கே நிற்கும், விளக்கை அணைத்து ஏற்ற ஆள் உண்டா என்பவையே அவை. நம் எடுத்துக்காட்டுக்கு எட்டு நிமிட நேரம், அதற்குள்ளேயே மேசை போடும் வேலை, மேடையின் முன்விளிம்பில் நிலைக்கம்பத்தில் நிற்கும் இரண்டு ஒலிவாங்கிகள், விளக்கணைப்புக்கு உறுதியில்லை என்று வைத்துக்கொள்வோம். இது சராசரியான நிலைமைதான்.

எட்டு நிமிடம் என்றால் ஒத்திகையில் ஐந்தரை நிமிடத்துக்குள் முடியும் நாடகம்தான் எழுத வேண்டும். மேசை போட்டு எடுக்க ஒரு நிமிடம் போய்விடும். ஒத்திகையில் யாரும் சிரிக்கமாட்டார்கள். அரங்கில் சிரிப்புக்காகக் காத்திருக்கும் நேரம் மொத்தமாக ஒரு நிமிடத்தை எட்டலாம். மீதி அரை நிமிடம் பதற்றத்துக்கு. எட்டு நிமிடத்துக்கும் எழுதிய குழுவுக்கு முடிவுக் காட்சியின்போது மணி அடிக்கும். சிரிப்பு அதிகமாக வந்த குழுவுக்கே அந்தத் தண்டனை கிடைக்கிறது என்பதுதான் இதில் வேதனை.

கரு: ஒரே ஒரு கோணல்

ஐந்தரை நிமிடத்தில் ஒரு கோணலைத்தான் விரிக்க முடியும். எல்லாம் இயல்பாக இருக்கும் ஓர் இடத்தில் ஒரே ஒரு பொருளோ மனிதரோ விதியோ கோணலாக இருக்க வேண்டும். நாடகம் முழுவதும் அந்தக் கோணலைச் சுற்றியே நடக்க வேண்டும். நம் கரு இது: ஓர் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் ஒரு மேசையிலும், அதை நிரப்பும் பேனா இன்னொரு மேசையருகே கயிற்றில் கட்டப்பட்டும் இருக்கின்றன. கயிறு சற்றே நீளம் போதவில்லை. அவ்வளவுதான்.

இந்தக் கரு நல்லதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. வசனமே இல்லாமல் சைகையால் மட்டும் ஒருவரிடம் நடித்துக் காட்டுங்கள். சிக்கல் என்னவென்று அவர் பத்து வினாடிக்குள் சொல்லிவிட்டால், சத்தம் நிறைந்த அரங்கிலும் அது போய்ச்சேரும். இங்கே மாணவி பேனாவை எடுத்து நடக்கிறாள், கயிறு விறைக்கிறது, படிவம் எட்டவில்லை. விளக்கம் தேவையில்லை.

பேனா என்றதும் “கடைசியில் அதில் மை இருக்காது” என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். முதலில் தோன்றும் முடிவு அவையில் இருப்பவர்களுக்கும் முதலில் தோன்றும். அதை விட்டுவிடலாம். மனம் ஆறாவிட்டால் நாடகத்தின் முதல் நிமிடத்திலேயே எழுத்தர் பேனாவைக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து “மை இருக்கு” என்று சொல்லட்டும். அவை எதிர்பார்த்த வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

அடித்தளம்: முதல் நிமிடம்

யார், எங்கே, என்ன வேண்டும், எது தடுக்கிறது ஆகிய நான்கும் முதல் நிமிடத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் எழுதிவிடுகிறார்கள். எங்கள் குழுவின் முதல் வரைவில், மாணவி உள்ளே வந்து தன் பெயர், ஊர், வரும் வழியில் பட்ட பாடு என்று முக்கால் பக்கம் பேசினாள். அவள் பேசி முடிப்பதற்குள் அவையின் கவனம் கலைந்துவிடும் என்பது முதல் ஒத்திகையிலேயே தெரிந்தது. பலமுறை வெட்டிய பின் நின்றது இதுதான்:

(எழுத்தர் மேடை வலத்தில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். மேடை இடத்தில் படிவப் பலகை. கலா மேடை இடத்திலிருந்து விரைந்து வந்து, பலகையைக் கவனிக்காமல் கடந்து, எழுத்தரிடம் போகிறாள்.)

கலா: சார், விண்ணப்பம் கொடுக்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாள்.

எழுத்தர்: (நிமிராமல்) படிவம் அங்கே.

(கலா படிவத்திடம் நடக்கிறாள். பையைத் துழாவுகிறாள்.)

கலா: சார், பேனா?

எழுத்தர்: பேனா இங்கே.

(கலா திரும்பி வந்து பேனாவை எடுக்கிறாள். படிவத்தை நோக்கி நடக்கிறாள். கயிறு விறைக்கிறது. நிற்கிறாள். பேனா முனையைப் பார்க்கிறாள். படிவத்தைப் பார்க்கிறாள். அவையைப் பார்க்கிறாள். பேனாவோடு எழுத்தரிடம் திரும்புகிறாள்.)

கலா: சார், படிவத்தை இங்கே எடுத்துட்டு வரலாமா?

எழுத்தர்: படிவத்தை எடுக்கக் கூடாது.

கலா: அப்போ பேனாவை அவிழ்த்து...

எழுத்தர்: பேனாவை அவிழ்க்கக் கூடாது.

கலா: நீங்களாவது கொஞ்சம் எழுந்து வந்து...

எழுத்தர்: நானும் எழுந்திருக்கக் கூடாது.

இந்தப் பகுதியில் இரண்டு பொருள்கள் புதைந்திருக்கின்றன. முதலாவது, “இன்னைக்குத்தான் கடைசி நாள்” என்ற வரி. நாளை வந்து எழுதிக்கொள்ளலாமே என்று அவை யோசிக்கத் தொடங்கினால் நாடகம் உடைந்துவிடும். அந்த ஒரு வரி அந்தக் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது, எழுத்தர் எழுந்திருக்கக் கூடாது என்ற மூன்றாவது விதி. நாடகத்தின் உச்சம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கப்போகிறது. ஆனால் இப்போது அது மூன்று மறுப்புகளில் கடைசியாக, ஒரு சிரிப்பாகக் கடந்துபோகிறது. பின்னால் தேவைப்படும் செய்தியை இப்படிச் சிரிப்புக்குள் ஒளித்து வைத்தால், அவை அதைக் கேட்டுக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒரு வேலை வரப்போகிறது என்று சந்தேகப்படாது.

அவள் எதற்காக விண்ணப்பிக்கிறாள் என்பதை எழுத்தர் கேட்கவே இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அது கடைசிக்கு.

ஏற்றம்: அளவு மட்டுமல்ல, தன்மையும் மாற வேண்டும்

புதியவர்கள் எழுதும் ஏற்றத்தில் ஒரே முயற்சி மேலும் மேலும் பலமாக நடக்கும். மாணவி இழுக்கிறாள், இன்னும் வேகமாக இழுக்கிறாள், இருவராகச் சேர்ந்து இழுக்கிறார்கள். இரண்டாவது இழுப்பிலேயே அவைக்கு மூன்றாவது தெரிந்துவிடும். ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் கோணல் அதுவாகவே இருக்க, அதைச் சமாளிக்கும் வகை மாற வேண்டும். நம் நாடகத்தில் முதல் படியில் மாணவி தன் உடலால் முயல்கிறாள், இரண்டாம் படியில் இன்னொருவரின் உடல் காகிதமாகிறது, மூன்றாம் படியில் அலுவலகமே இடம்பெயர்கிறது.

முதல் படிக்கு ஒரு நிமிடம் போதும். கலா கயிற்றை இழுத்துப் பார்க்கிறாள், படுத்துப் பார்க்கிறாள், பேனாவை வீசினால் படிவத்தில் பட்டுத் திரும்புமா என்று குறிபார்க்கிறாள். மூன்று முயற்சிகளுக்கு மேல் வேண்டாம். மூன்றும் தோற்றவுடன் வரிசையில் அடுத்து நிற்கும் பெரியவர் நகர்ந்து வர வேண்டும்.

இரண்டாம் படிதான் நாடகத்தின் நடுத்தூண், ஆகவே அதற்கு ஒன்றரை நிமிடம் தரலாம். பேனா படிவத்திடம் போக முடியாது, ஆனால் மனிதர் போகலாம். கலா பெரியவரின் உள்ளங்கையில் தன் பெயரை எழுதுகிறாள். பெரியவர் கையை விரித்தபடி படிவம்வரை நடந்து, முத்திரை குத்துவதுபோல் அழுத்துகிறார். பலகையில் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுகிறது. எழுத்தர் ஏற்க மறுக்கிறார். இப்போது கலா பாடம் கற்றுக்கொண்டாள். எழுத்தைத் திருப்பி எழுதினால் நேராக விழும். கையில் மை ஈரமாக இருப்பதால் இம்முறை நெற்றியில் எழுதுகிறாள். பெரியவர் நடந்துபோய்ப் படிவத்தின்மேல் நெற்றியை வைத்துக் குனிந்து நிற்கும் நேரத்தில் காவலாளி உள்ளே வருகிறார். பெரியவர் எதையோ வணங்குகிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றித் தானும் தலை குனிகிறார். பெரியவர் நிமிர்ந்து பலகையைக் காட்டுகிறார். பெயர் நேராக விழுந்திருக்கிறது. எழுத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறார்.

எழுத்தர்: நான் கேட்டது கையெழுத்து. இது தலையெழுத்து.

இந்த வரியின் சொல்வரிசையைப் பற்றி ஒரு சொல். தமிழ் வாக்கியம் வினையில் முடிவது வழக்கம் என்பதால், சிரிப்பைக் கொண்டுவரும் சொல் நடுவில் மாட்டிக்கொண்டு, அதற்குப் பின் ஒரு வினை வால் தொங்கும். “கையெழுத்துக் கேட்டா, நீங்க தலையெழுத்தைக் கொண்டுவந்து காட்டுறீங்களே” என்று எழுதினால், அவை “தலையெழுத்து” என்ற இடத்திலேயே சிரிக்கத் தொடங்கும், நடிகரோ இன்னும் பேசிக்கொண்டிருப்பார். சிரிப்பவர்கள் எதையோ தவறவிட்டோமோ என்று சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். வினையை வெட்டிவிட்டுப் பெயர்ச்சொல்லில் நிறுத்துவதுதான் தீர்வு. எழுதி முடித்த பிரதியில் சிரிப்பு வர வேண்டிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, கடைசிச் சொல் எது என்று வட்டமிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படியில் காவலாளி விசாரணையைக் கையில் எடுக்கிறார். பேனாவிலிருந்து தொடங்கி, கயிற்றை விரலால் தொட்டபடி மெல்ல நடந்து, மேசைக்குப் பின்னால் போகிறார். கயிற்றின் மறுமுனை மேசைக்காலில் இல்லை. எழுத்தரின் இடுப்பில் இருக்கிறது. மூவரும் எழுத்தரைப் பார்க்கிறார்கள்.

எழுத்தர்: போன பேனா அப்படித்தான் தொலைஞ்சுது.

கலா: சார், அப்போ நீங்க ரெண்டடி நகர்ந்தா போதுமே!

எழுத்தர்: எழுந்திருக்கக் கூடாதும்மா.

பெரியவர்: (நிதானமாக) நீங்க எழுந்திருக்க வேண்டாம்.

பெரியவரும் காவலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு எழுத்தரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படிவத்தை நோக்கி நடக்கிறார்கள். எழுத்தர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கோப்பு பார்த்துக்கொண்டே பயணிக்கிறார். விதி எதுவும் மீறப்படவில்லை: படிவம் நகரவில்லை, பேனா அவிழவில்லை, எழுத்தர் எழவில்லை. உச்சக்காட்சி சிரிப்பைத் தருவது அது பெரிதாக இருப்பதால் மட்டுமல்ல. முதல் நிமிடத்தில் போட்ட மூன்று விதிகளுக்கும் எழுத்துப் பிசகாமல் கட்டுப்பட்டிருப்பதாலும்தான். உங்கள் ஏற்றத்தின் கடைசிப் படி திடீரென்று நடனமாகவோ அடிதடியாகவோ மாறினால், கரு தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் படிக்குத் திரும்பிப்போய் ஒரு விதியைச் சேருங்கள்.

முடிவு

கலா எழுதி முடிக்கிறாள். படிவத்தின் அருகே இறக்கப்பட்ட எழுத்தர் அதை வாய்விட்டுப் படிக்கிறார்.

எழுத்தர்: கோரிக்கை... பேனாவின் கயிற்றை... நீளமாக்கித் தர வேண்டும்.

(நீண்ட அமைதி. எல்லோரும் கயிற்றைப் பார்க்கிறார்கள்.)

எழுத்தர்: இதுக்கு வேற படிவம்.

(மேடை வலத்துக்கு வெளியே, வெகு தொலைவில் என்பதுபோல் கை காட்டுகிறார். பெரியவரும் காவலாளியும் பெருமூச்சோடு நாற்காலியைத் தூக்குகிறார்கள். நால்வரும் மேடையைக் குறுக்கே கடந்து வெளியேறுகிறார்கள்.)

விளக்கணைப்பை நம்பி முடிவு எழுதக் கூடாது. விளக்கு அணைய வேண்டிய நொடியில் அணையாவிட்டால் நடிகர்கள் விழித்துக்கொண்டு நிற்பார்கள், அதுவே கடைசிப் படமாக மனத்தில் தங்கும். எல்லோரும் வெளியேறும் முடிவு விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வெளியேறிய பின் ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து இன்னொரு வரி சொல்லலாமே என்று ஆசை வரும். வேண்டாம்.

காட்சி நகைச்சுவை: கண்ணுக்கு எட்டும் அளவு

உண்மையான பேனாவும் உண்மையான சணல் கயிறும் மூன்றாவது வரிசையைத் தாண்டினால் இல்லாததற்குச் சமம். முதல் ஒத்திகையை எங்கள் குழு அப்படித்தான் நடத்தியது. அரங்கின் பின்பகுதியில் உட்கார்ந்து பார்த்த ஒரு நண்பர், மாணவி ஏன் பாதி மேடையில் நின்று கையை நீட்டுகிறாள் என்று கேட்டார். அதன் பிறகு பேனாவை அட்டைக் குழலில் ஒன்றரை அடி நீளத்துக்குச் செய்து, முனையில் தடித்த மார்க்கரைச் செருகினோம். கயிற்றுக்கு இரண்டு விரல் தடிமனில் முறுக்கிய சிவப்புத் துணியைப் பயன்படுத்தினோம். பேனா இவ்வளவு பெரிதாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை, நடிகர்கள் அதைச் சாதாரணப் பேனாவாகவே நடத்தும்வரை.

இடைவெளிக்கும் இதே கணக்குதான். கதைப்படி ஒரு சாண் தூரம்தான் குறைகிறது என்றாலும், ஒரு சாண் இடைவெளி பின்வரிசைக்குத் தெரியாது. ஒன்றரை அடியாவது வேண்டும். கயிறு ஆறடி, பேனா ஒன்றரை அடி, இடைவெளி ஒன்றரை அடி என்றால், கயிறு கட்டிய இடத்திலிருந்து படிவம் ஒன்பது அடி தள்ளி இருக்க வேண்டும். அந்தக் கோடு மேடையின் முன்விளிம்புக்கு இணையாக, வலமிருந்து இடமாக ஓட வேண்டும். ஒரு மேசையை முன்னும் மற்றதைப் பின்னும் போட்டால் அவைக்கு இடைவெளி தெரியாது; பேனா படிவத்தைத் தொட்டுவிட்டதுபோலவே தோன்றும்.

படிவம் மேசையில் படுத்துக் கிடந்தாலும் தெரியாது. இரண்டடி உயர அட்டையில் செய்து, சாய்த்து நிறுத்த வேண்டும். உள்ளங்கை மை உண்மையில் அட்டையில் பதியாது என்பதால், திரும்பிய பெயரை இன்னொரு தாளில் முன்பே எழுதி, வெற்றுத் தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் அவைக்கு முதுகு காட்டிக் கையை அழுத்தும்போது மேல்தாளை உருவி மேசைக்குப் பின்னால் விட்டுவிட வேண்டும். நெற்றிக்கு மூன்றாவது தாள்; கடைசியில் கலா எழுத நான்காவது. மாணவிக்குக் கலா என்று பெயர் வைத்ததற்கும் இதுவே காரணம். ப போன்ற எழுத்து திருப்பினாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அதை வைத்துச் சிரிப்பு எழுப்ப முடியாது. க, ல, ட போன்றவை திரும்பினால் தொலைவிலிருந்தும் கோணல் தெரியும். பெயர் இரண்டெழுத்தாக இருந்தால்தான் அட்டையில் பெரிதாகவும் எழுத முடியும்.

ஒவ்வொரு காட்சி நகைச்சுவையையும் மூன்று அசைவுகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: பொருளைப் பார்ப்பது, புரிந்துகொள்வது, செயல்படுவது. கலா பேனா முனையைப் பார்த்து, படிவத்தைப் பார்த்து, அவையைப் பார்க்கும் இடம் இதற்கு எடுத்துக்காட்டு. பதற்றத்தில் நடிகர் மூன்றையும் ஒரே அசைவாக்கிவிடுவார். நடுவிலுள்ள புரிதலை விழுங்கிவிட்டால் சிரிப்பும் அதோடு போய்விடும். ஒருவர் இந்த மூன்றைச் செய்யும்போது மற்றவர்கள் அசையாமல் அவரையே பார்க்க வேண்டும், ஏனென்றால் மேடையில் எது அசைகிறதோ அதன் பின்னால்தான் கண்கள் போகும்.

நடமாட்டக் குறிப்பு

பிளாக்கிங் என்று சொல்லப்படும் நடமாட்டக் குறிப்பை, யார் எப்போது எங்கே நிற்கிறார், எந்த வழியாக நகர்கிறார் என்பதன் வரைபடமாகக் கொள்ளலாம். வலம், இடம் என்பவை அவையைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலமும் இடமும். அவைக்கு அருகிலுள்ள பகுதி முன்மேடை, எட்ட இருப்பது பின்மேடை. மேடையை முன்வலம், முன்மையம், முன்இடம், பின்வலம், பின்மையம், பின்இடம் என்று ஆறு கட்டங்களாகப் பிரித்தால் போதும். பிரதியை அச்சிடும்போது தாளில் பாதியை வெற்றாக விட்டு, அங்கே பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மாற்ற மனம் வராது, மாற்றாத குறிப்பு எதுவும் கிடையாது.

நம் நாடகத்தின் நடமாட்டத்தை உண்மையில் தீர்மானித்தவை அந்த இரண்டு ஒலிவாங்கிகள்தான். எழுத்தரின் மேசை வலது ஒலிவாங்கிக்குப் பின்னாலும், படிவப் பலகை இடது ஒலிவாங்கிக்குப் பின்னாலும் நிற்கின்றன. எனவே எல்லா வசனமும் இந்த இரு முனைகளில் மட்டுமே பேசப்படும். நடுவிலுள்ள பகுதி பேச்சில்லாப் பகுதி, அங்கே காட்சி நகைச்சுவை மட்டும். பிரதியில் யாராவது முன்மையத்தில் நின்று பேசுவதாக எழுதியிருந்தால், அந்த வரியை ஒரு முனைக்கு நகர்த்துங்கள் அல்லது வெட்டுங்கள். எழுத்தர் எழுந்திருக்கவே மாட்டார் என்பதால், அவருடைய ஒலிவாங்கியை உட்கார்ந்த வாய் உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். கலா அங்கே பேசும்போது மேசைமேல் குனிந்து கெஞ்சுவதாக நடித்தால் உயரச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படிக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

“கலா முன்மையத்தில், கயிறு விறைத்த நிலை, அசையாமல். பெரியவர் பின்மையத்திலிருந்து கயிற்றுக்குப் பின்புறமாகவே வந்து கலாவின் இடப்பக்கம் நிற்கிறார், உள்ளங்கையை அவைக்குக் காட்டியபடி. எழுதி முடிந்ததும் முன்இடத்துக்கு மெதுவான சிறு எட்டுகள். எழுத்தரும் கலாவும் தலையை மட்டும் திருப்பிப் பின்தொடர்கிறார்கள். அழுத்தியதும் பெரியவர் ஒரு எட்டு பின்இடத்துக்கு விலகுகிறார், பலகை முழுவதும் தெரியட்டும். சிரிப்பு தணியும்வரை யாரும் அசையவில்லை.”

“கயிற்றுக்குப் பின்புறமாகவே” என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருப்பேன். கயிறுதான் இந்த நாடகத்தின் நாயகன். அதற்கு முன்னால் யார் நடந்தாலும் ஒரு நொடி நாடகம் மறைகிறது. வரிசையில் நிற்பவர்கள் பின்மையத்தில் இருப்பதும் இதற்காகவே. காவலாளி மேடை இடத்திலிருந்து நுழைய வேண்டும், அப்போதுதான் குனிந்திருக்கும் பெரியவர் அவர் கண்ணில் முதலில் படுவார். சிரிப்பு வர வேண்டிய வரியைச் சொல்லும்போது யாரும் நடக்கக் கூடாது, சொல்பவர் உட்பட. நடந்து முடித்துவிட்டுச் சொல்லட்டும்.

நாற்காலியைத் தூக்கும் இடம் ஒன்றுதான் ஆபத்தானது. குழுவில் எடை குறைந்தவரே எழுத்தராக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்துவிடும், ஆகவே கைப்பிடியுள்ள மர நாற்காலி வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தால் போதும், நான்கைந்து எட்டுக்கு மேல் ஒரே மூச்சில் போக வேண்டாம். வெளியேறும்போது தூரம் அதிகம் என்பதால் நடுவில் ஒருமுறை இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம், அதுவும் சிரிப்புக்கு உதவும். மேசையைச் சற்றுக் கோணமாகப் போட்டு, நாற்காலியின் இடப்பக்கத்தைத் திறந்து விட்டால்தான் தூக்கிக்கொண்டு வெளியே வர வழியிருக்கும். நாற்காலி நகரும்போது கயிறு தளர்ந்து தரையில் விழுந்து காலைச் சிக்கவைக்கும்; கலா அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டே வர வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ஒத்திகை

முதல் இரண்டு ஒத்திகைகளை வசனமே இல்லாமல் நடமாட்டம் மட்டுமாக நடத்துங்கள். பிறகு ஒருவரை அரங்கின் கடைசி வரிசையில் உட்காரவைத்து, எது புரியவில்லை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று கேட்க வேண்டாம். அடுத்து, அவர் சிரிப்பு வர வேண்டிய இடங்களில் கை தட்டட்டும், சில இடங்களில் வேண்டுமென்றே தட்டாமல் விடட்டும். தட்டல் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியைத் தொடங்க நடிகர்கள் பழக வேண்டும். முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் செத்துவிடும். தட்டாத இடத்தில் நொடியும் நிற்காமல் கடந்துபோக வேண்டும், அங்கே ஒரு சிரிப்பு எதிர்பார்க்கப்பட்டது என்பதே அவைக்குத் தெரியக் கூடாது.

நாடகம் ஐந்தரை நிமிடத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டிய இடம் முதல் படியிலுள்ள முயற்சிகள்தான். இரண்டாம் படியிலிருந்து வெட்டினால் மூன்றாம் படிக்கு ஏறும் வழி இல்லாமல் போகும்.

விழா நாளன்று மேடை கைக்கு வந்ததும் ஒரே ஒரு அளவை மட்டும் சரிபாருங்கள். நீங்கள் ஒத்திகை பார்த்த அறையைவிட மேடை குறுகலாகவோ அகலமாகவோ இருக்கும், ஒலிவாங்கிக் கம்பங்களும் நினைத்த இடத்தில் இருக்காது. இதற்காகவே கயிற்றைத் தாராளமாக நீளம் விட்டு வெட்டி, மிச்சத்தை எழுத்தரின் இடுப்பில் சுற்றி வைத்திருக்க வேண்டும். பலகையை இடது ஒலிவாங்கிக்குப் பின்னால் வைத்துவிட்டு, கலா கயிற்றை இழுத்துப் பிடிக்க, எழுத்தர் இடுப்புச் சுற்றைக் கூட்டியோ குறைத்தோ இடைவெளியை ஒன்றரை அடிக்குக் கொண்டுவரட்டும். பிறகு பலகையின் கால்களுக்கும் நாற்காலியின் கால்களுக்கும் தரையில் ஒட்டுநாடாவால் அடையாளம் இட்டுவிடுங்கள்.